மூடிய கதவுக்கு ஏன் பீப் அடிக்கிறது: ஒரு ஃப்ரிட்ஜ் கதவு சென்சாரின் 8 வருட அனுபவம்

மதுரை வில்லாபுரத்தில் ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் 8 வருடமாக ஓடும் ஃப்ரிட்ஜைப் பற்றியது இது. இரண்டு கதவு, சுமார் 250 லிட்டர், ஐஸ் கட்டாத வகை. மேலே ஃப்ரீசர், கீழே பெரிய கதவு. கம்ப்ரசரோ கேஸோ இதுவரை தொந்தரவு தந்ததில்லை. வந்த தொந்தரவெல்லாம் கதவு மூடியிருக்கிறதா என்று ஃப்ரிட்ஜை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குச் சொல்லும் சின்னச் சென்சாரைச் சுற்றித்தான்.

6ஆம் வருடக் கோடையில் கீழ்க்கதவை மூடிய பிறகும் பீப் அடிக்க ஆரம்பித்தது. மூடியவுடன் அல்ல, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து. கதவு திறந்திருப்பதாகத் தெரிந்தால் போர்டு அவ்வளவு நேரம் பொறுத்துவிட்டுத்தான் சத்தம் கொடுக்கும். அதனால் கதவை மூடியவர் கூடத்துக்குப் போன பிறகு சத்தம் வரும், அதைக் கதவோடு யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்க்க ஒரே எளிய வழி, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே நிற்க வைத்துக் கதவை மூடி, அரை நிமிடம் கழித்து எடுப்பது. இங்கே வீடியோ முழுக்க வெளிச்சமாகவே இருந்தது.

விளக்கு எரிந்தால் கரண்ட் பில் ஏறுமே என்பதுதான் எல்லோரும் முதலில் படும் கவலை. பழைய 15 வாட் குண்டு பல்பு என்றால் அது சரி: நாள் முழுக்க எரிந்தால் 0.36 யூனிட், இரண்டு மாத பில்லில் 22 யூனிட் போல வரும். பல்பின் சூட்டை வெளியேற்றக் கம்ப்ரசர் ஓடுவது அதற்கு மேல். எல்இடி விளக்குக்கு அந்தக் கணக்கு பெரிதில்லை. ஐஸ் கட்டாத வகையில் உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கதவு திறந்தால் குளிர்காற்றை வீசும் ஃபேன் நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள். சென்சார் 'திறந்திருக்கிறது' என்று தவறாகச் சொன்னால், கதவு மூடியிருந்தும் ஃபேன் நிற்கும். இந்த வீட்டில் காலையில் வைத்த இட்லி மாவு சாயங்காலத்துக்குள் பொங்கிப் புளித்தது. பீப் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

வந்து பார்த்த மெக்கானிக் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள, சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மாடலில் இரண்டு கதவுக்கும் நடுவே ஓடும் குறுக்குச் சட்டத்தில், கீல் பக்கமாக, பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ரீட் சுவிட்ச் இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள். கதவின் மேல் விளிம்பில் அதற்கு நேராக ஒரு காந்தம். கதவை மூடினால் காந்தம் நெருங்கும், நாக்குகள் ஒட்டும், போர்டு 'மூடியாச்சு' என்று எடுத்துக்கொள்ளும். ஆக இந்தச் சென்சாருக்குக் கதவு மூடியதா என்பது தெரியவே தெரியாது. ஒரு மூலையில் காந்தம் எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

நாக்குகளை ஒட்டவைக்கக் காந்தம் மிக நெருங்கி வர வேண்டும். ஆனால் ஒட்டிய பிறகு, காந்தம் சில மில்லிமீட்டர் விலகினாலும் விடாது, ஒட்டியபடியே நிற்கும். எல்லா ரீட் சுவிட்சும் இப்படித்தான். 'கதவை ஒருதரம் நன்றாக அமுக்கினால் பீப் நின்றுவிடுகிறது, கையை எடுத்தாலும் வரவில்லை, ஆனால் அடுத்த தடவை திறந்து மூடினால் மறுபடி வருகிறது' என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. அப்படி நடந்தால் சென்சார் கெடவில்லை. காந்தம் அதன் எல்லையில் நின்று தடுமாறுகிறது. இதைக் கேட்டவுடன் போர்டு என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

சோதனைக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது நல்லது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம் பல சமயம் வலு போதாது. கதவைத் திறந்து வைத்து, குறுக்குச் சட்டத்தின் கீல் முனையில் இருந்து காந்தத்தை மெதுவாக நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் உள்விளக்கு பட்டென்று அணைந்தால் சென்சார், வயர், போர்டு மூன்றும் நலம். கோளாறு கதவிலோ அதில் உள்ள காந்தத்திலோதான். சட்டம் முழுக்க நகர்த்தியும் அணையவில்லை என்றால்தான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சென்சாரை வெளியே எடுத்து, மல்டிமீட்டரைச் சத்தம் போடும் கன்டின்யூட்டி நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் இல்லாமல் மீட்டர் சத்தம் போடக் கூடாது, வைத்தால் போட வேண்டும். எப்போதுமே போடவில்லை என்றால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். எப்போதுமே போட்டால் நாக்குகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மீட்டரில் சரியாக இருந்தும் போர்டுக்குத் தெரியவில்லை என்றால் இணைப்பியைப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜின் தலையை ஈரத்துணியால் துடைக்கும்போது, மேல் கீலின் மூடிக்குள் போர்வெல் உப்புத்தண்ணீர் இறங்கிப் பின்கள் பச்சை பூப்பது சகஜம். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, காயவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

வில்லாபுரம் வீட்டில் காந்தம் வைத்தவுடன் விளக்கு அணைந்தது. அடுத்து, கதவை மூடி, பீப் அடிக்கும்போது கைப்பிடிப் பக்கம் கீழே கை கொடுத்துக் கதவை லேசாக மேலே தூக்கிப் பார்த்தார்கள். சத்தம் நின்றது. கதவு தொய்ந்திருந்தது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. மேலே உள்ள காந்தம் கதவோடு சேர்ந்து கீழே இறங்கி, சென்சாருக்கு நேர் நிற்காமல் போயிருந்தது.

தொய்வுக்குக் காரணம் ஒன்றல்ல. கதவு ரேக்கில் 2 லிட்டர் பாட்டில் இரண்டு, 1 லிட்டர் பாட்டில் நான்கு. தண்ணீர் மட்டுமே 8 கிலோ, அதுவும் கீலில் இருந்து விலகிய பக்கத்தில். அந்தச் சுமையில் கீழ்க்கீலின் கம்பி சுழலும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தது. இரண்டாவது காரணம் பலருக்கும் தோன்றாது: ஃப்ரிட்ஜ் ஸ்டாண்ட். வீடு கழுவும்போது அடியில் தண்ணீர் போகாமல் இருக்க நம் ஊரில் பலரும் பிளாஸ்டிக் ஸ்டாண்டில்தான் ஃப்ரிட்ஜை நிறுத்துகிறோம். இங்கே முன்பக்கம் ஒரு கால் நின்ற குழி, மட்டப்பலகை வைத்துப் பார்த்தபோது 4 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. ஒரு கால் இறங்கினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், கதவு சாயும்.

செய்த வேலை இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கி, பொருட்களை இறக்கி, ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தரையில் நிறுத்தினார்கள். முன்கால் திருகுகளைச் சரிசெய்து, பின்பக்கம் லேசாகச் சாயும்படி முன்பக்கத்தை உயர்த்தினார்கள். பாதி திறந்து விட்ட கதவு தானாக வந்து ஒட்ட வேண்டும், அதுதான் அளவு. கீழ்க்கீலுக்குப் புது புஷ், அதோடு கம்பியில் 2 மில்லிமீட்டர் நைலான் வாஷர் ஒன்று. புஷ்ஷும் வாஷரும் டவுன்ஹால் ரோட்டில் வாங்கியவை, பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால்தான் சரியானது கிடைக்கும். பெரிய பாட்டில்கள் உள்தட்டுக்குப் போயின. அதன் பிறகு இரண்டு கோடை கடந்தும் மூடிய கதவுக்குப் பீப் வரவில்லை.

ஆனால் இதே சென்சாரின் எதிர்க்குறையும் இந்த வருடம் தெரிந்தது. கதவு உண்மையிலேயே சரியாக மூடாதபோது அது பேசாமல் இருந்தது. மாவுத் தூக்குவாளி தட்டில் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றதால், கதவு கைப்பிடிப் பக்கம் 3 சென்டிமீட்டர் திறந்தே இருந்திருக்கிறது, இரவு முழுக்க. கதவின் அகலம் 60 சென்டிமீட்டர், காந்தம் இருப்பது கீலில் இருந்து 6 சென்டிமீட்டரில். கைப்பிடி 3 சென்டிமீட்டர் விலகினால் காந்தம் விலகுவது வெறும் 3 மில்லிமீட்டர். சென்சாருக்கு அது மூடிய கதவுதான். அதனால் பீப் வராதது கதவு மூடியதற்குச் சாட்சி ஆகாது. ரப்பரையும் சென்சார் பார்க்காது. நாளிதழ்த் துண்டு ஒன்றைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும், நான்கு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளில். தடையில்லாமல் வந்தால் அங்கே ரப்பர் ஒட்டவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்து, மடங்கிய இடத்தை ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி நீவினால் படியும். கிழிந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் உள்ளவர்களுக்கு விஷயம் வேறு. அங்கே காந்தம் கிடையாது, கதவு வந்து அமுக்கும் பட்டன் சுவிட்ச்தான். சிந்திய பாயசமோ தயிரோ பட்டனைச் சுற்றிக் காய்ந்து பிசின் மாதிரிப் பிடித்தால், உள்ளேயே சிக்கி விளக்கு எரியாது. ஸ்பிரிங் போனாலும் அப்படியே. கதவு தொய்ந்து பட்டனை முழுதாக அமுக்காவிட்டால், அல்லது உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால், விளக்கு அணையவே அணையாது. கையால் அமுக்கிப் பார்த்து அணைந்தால் சுவிட்ச் நலம், கதவைத்தான் பார்க்க வேண்டும். இந்த சுவிட்சில் நேரடியாக 230 வோல்ட் வரும், பிளக்கைப் பிடுங்காமல் தொடக் கூடாது. நெம்பி எடுக்கும்போது வயர் துளைக்குள் போய்விடாமல் நூல் கட்டிக்கொள்ள வேண்டும். ஐஸ் கட்டாத வகையில் இதே பட்டன் விளக்குக்கும் ஃபேனுக்கும் சேர்த்து நான்கு பின்னோடு வரும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுக்காவிட்டால் மாற்றி மாட்டிவிடுவோம். பிறகு கதவு மூடினால் விளக்கு எரியும், திறந்தால் ஃபேன் சுற்றும்.

சத்தம் தாங்காமல் ரீட் சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கிக் கட்டிவிடுவதும் நடக்கிறது. பீப் நிற்கும், ஆனால் போர்டுக்குக் கதவு என்றைக்கும் மூடியே இருக்கும். விளக்கு வராது, திறந்த கதவிலும் ஃபேன் சுற்றிச் சமையலறையின் ஈரக்காற்றை இழுக்கும், ஃப்ரீசருக்குப் பின்னால் ஐஸ் ஏறும். அப்படிக் கட்டியிருந்தால் முறுக்கைப் பிரித்து, அந்த இரண்டு முனைக்கும் நடுவே புது ரீட் சுவிட்ச் வைத்து டேப் சுற்ற வேண்டும். பழையதன் இடத்திலேயே, காந்தத்துக்கு நேராக அது உட்கார வேண்டும்.