ரிப்பிள், ரோல், ஸ்லிப், ஸ்லைட்: தவில் அடியை எதனால் பொருத்துவது?

எடிட்டிங் பழகுகிறவர்கள் பலர் ரேசர், டிலீட் இரண்டையும் வைத்தே கலியாண வீடியோ முழுவதையும் வெட்டி முடிக்கிறார்கள். முடியாதென்றில்லை. ஆனால் ஒரு ஷாட்டைக் கொஞ்சம் திருத்தினால் பின்னால் உள்ள பத்து ஷாட்டும் இடம் மாறிப்போய், அவற்றைத் திரும்ப அடுக்கவே பொழுது போய்விடும். பிரீமியர் புரோவில் B, N, Y, U என்று நான்கு எழுத்துகளில் இருக்கும் ரிப்பிள், ரோல், ஸ்லிப், ஸ்லைட் எல்லாம் அந்த வேலையை மிச்சப்படுத்தத்தான். நான்குக்கும் விளக்கம் மனப்பாடம் செய்வதைவிட, ஒரே சிக்கலை நான்காலும் தீர்த்துப் பார்த்தால் வித்தியாசம் கையில் பிடிபடும்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் எடுத்த கலியாணம் என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 25 ஃபிரேம். பிரதான கேமராவில் பதிவான நாதஸ்வரமும் தவிலும் ஒலித்தடத்தில் அறுபடாமல் ஓடுகின்றன. மேலே மூன்று ஷாட். முதல் 4 செக்கன், மாப்பிள்ளை ஐயரிடமிருந்து தாலியை வாங்குகிறார். அடுத்த 2 செக்கன், தவில்காரரின் கையைக் கிட்டத்தில் காட்டும் ஷாட். பிறகு முடிச்சுப் போடுவது. முதலாவதும் மூன்றாவதும் பிரதான கேமராவின் ஒரே ஓட்டத்தில் வந்தவை, ஒலியோடு ஒத்துப்போகிறவை. நடுவில் உள்ள தவில் ஷாட் மட்டும் இரண்டாவது கேமராவில் வேறொரு நேரத்தில் எடுத்தது.

சிக்கல் இதுதான். கெட்டிமேளத்தின் முதல் அடி ஒலியில் 4 செக்கன் 10 ஃபிரேமில் விழுகிறது. படத்தில் தவில்குச்சி தோலைத் தொடுவதோ 4 செக்கன் 18 ஃபிரேமில். 8 ஃபிரேம் பிந்திப்போகிறது. மேளம் கேட்டுப் பழகிய எந்தக் கண்ணுக்கும் அது தெரியும்.

முதலில் ரிப்பிள். தவில் ஷாட்டின் தலையில் 8 ஃபிரேமை ரிப்பிளால் குறைத்தால் குச்சி சரியாக 4:10இல் விழும். அப்பாடா என்று விட்டுவிடாதீர்கள். ஷாட் குறுகிய அளவுக்குப் பின்னால் உள்ள படமெல்லாம் 8 ஃபிரேம் முன்னே வந்துவிட்டது. ஒரே துண்டாக நீளும் ஒலி அசையவில்லை. முடிச்சுப் போடும் ஷாட்டில் ஐயரின் வாய் மந்திரத்துக்கு முந்திக்கொண்டு அசையும். பழகும் தம்பிமார் “அண்ணா, நான் இங்கதானே வெட்டினேன், அங்க ஏன் சிங்க் போகுது?” என்று கேட்பது அநேகமாக இந்த இடத்தில்தான்.

ரோல் இதற்கு உதவவே உதவாது. அது இரண்டு ஷாட்டுக்கு நடுவே உள்ள வெட்டை மட்டும் நகர்த்தும். ஒன்று எவ்வளவு நீள்கிறதோ மற்றது அவ்வளவு குறையும். வெட்டை எங்கே கொண்டுபோனாலும் குச்சி அதே 4:18இல்தான் விழும்.

மிஞ்சுவது ஸ்லிப்பும் ஸ்லைடும். இரண்டுமே இந்தச் சிக்கலைத் தீர்க்கும், ஆனால் விலை வேறு. ஸ்லிப்பில் ஷாட்டின் இடமும் நீளமும் அப்படியே இருக்கும், உள்ளே ஓடும் படம் மட்டும் மாறும். Y அழுத்தி, தவில் ஷாட்டைப் பிடித்து 8 ஃபிரேம் இடப்பக்கம் இழுத்தால், மூலக் கிளிப்பின் சற்றுப் பிந்திய பகுதி உள்ளே வரும். குச்சி 4:10க்கு வந்துவிடும், வெட்டுகள் 4:00இலும் 6:00இலும் அசையாமல் நிற்கும். ஸ்லைடில் ஷாட்டின் உள்ளடக்கம் மாறாது, ஷாட்டே இடம் பெயரும். U அழுத்தி 8 ஃபிரேம் இடப்பக்கம் தள்ளினால் தவில் ஷாட் 3:17இலிருந்து 5:17 வரை என்று ஆகும். தாலி வாங்கும் ஷாட் 8 ஃபிரேம் முந்தியே முடியும், முடிச்சு ஷாட் 8 ஃபிரேம் முந்தித் தொடங்கும். மொத்த நீளம் மாறாது. அக்கம்பக்கத்து ஷாட் இரண்டும் தங்கள் இடத்திலேயே நின்றபடி ஓரம் மட்டும் மூடித் திறப்பதால் அவற்றின் சிங்க்கும் கெடாது.

எதை எடுப்பது? ஸ்லிப்புக்கு அந்த ஷாட்டிலேயே மிச்சப் படம் வேண்டும், ஸ்லைடுக்கு அக்கம்பக்கத்தில் வேண்டும். தவில் ஷாட் முடிந்த கையோடு ஒரு மாமா கேமராவுக்குக் குறுக்கே போகிறார் என்றால் ஸ்லிப் செய்ததும் அவர் தோள் உள்ளே வந்துவிடும், அப்போது ஸ்லைட். மாப்பிள்ளையின் கை தாலியைத் தொடுவது 3 செக்கன் 20ஆவது ஃபிரேமில் என்றால் ஸ்லைட் அந்தத் தொடுகையைத் தின்றுவிடும், அப்போது ஸ்லிப். இழுக்கும்போதே ப்ரோகிராம் மானிட்டரில் நான்கு ஃபிரேம் தெரியும். பெரிதாகத் தெரியும் இரண்டும்தான் மாறிக்கொண்டிருப்பவை. ஸ்லிப்பில் அவை இந்த ஷாட்டின் தலையும் வாலும், ஸ்லைடில் முன் ஷாட்டின் வாலும் பின் ஷாட்டின் தலையும். மாமாவின் தோளை அங்கேயே பிடித்துவிடலாம். இழுத்தும் அசையாமல் `Trim media limit reached` என்று வந்தால் கருவியில் பிழையில்லை, மிச்சப் படம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ரோலின் அருமை அடுத்த வெட்டில் தெரியும். தவில் அடியை ஸ்லிப்பால் சரிசெய்துவிட்டோம். ஆனால் முடிச்சு விழத் தொடங்குவது 5:20இல், நம் வெட்டு 6:00இல். தொடக்கம் தவில் ஷாட்டின் கீழ் மறைந்துகிடக்கிறது. வெட்டை N கொண்டு 10 ஃபிரேம் இடப்பக்கம் உருட்டினால் 5:15இலேயே முடிச்சு ஷாட் திறந்துவிடும். ஐயரின் வாய் ஒலியோடு ஒத்தபடியே இருக்கும். இதே ஷாட்டை ஸ்லிப் செய்து தொடக்கத்தை உள்ளே கொண்டுவரப் பார்த்தால் சிங்க் போச்சு. இரண்டு கேமராவை ஒலியால் ஒத்திசைத்து அடுக்கிய பிறகு யோசிக்காமல் தொடக்கூடியது ரோல் ஒன்றுதான்.

அப்படியென்றால் ரிப்பிள் எதற்கு? ஒலி அடுக்கப்படுவதற்கு முந்திய முதல் வெட்டுக்கு. பெற்றோர் மணமக்களை வாழ்த்திப் பேசுவதை நறுக்கும்போது தயக்கங்களையும் இருமலையும் தூக்க வேண்டும், வெற்றிடமும் விழக்கூடாது. சாதாரண செலக்ஷன் கருவியால் ஓரத்தைக் குறைத்தால் ஓட்டை விழும், அதைத் தனியாக மூட வேண்டும். ரிப்பிள் இரண்டையும் ஒரே அசைவில் முடிக்கும். இன்னும் வேகம் வேண்டுமென்றால், பேச்சு தொடங்கும் இடத்தில் பிளேஹெட்டை நிறுத்தி Q அழுத்தினால் முந்திய வெட்டிலிருந்து அதுவரை உள்ளது போய்விடும், முடியும் இடத்தில் W அழுத்தினால் மிச்ச வால் போய்விடும். மணிக்கணக்கில் நேரம் மிச்சமாவது இங்கேதான். மேல் தடத்தில் பெயர் எழுத்துகள் போட்டிருந்தால் அந்தத் தடத்தின் சிங்க் லாக் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் படம் நகர, அப்பாவின் பெயர் சித்தப்பாவின் முகத்தின் கீழ் வந்து நிற்கும்.

பழகும் வரிசையைக் கேட்டால் ரிப்பிள், ரோல், ஸ்லிப் என்றுதான் சொல்வேன். ஸ்லைட் கடைசி. நடுவில் ஒட்டிய ஷாட்டை ஒலிக்கேற்பத் தள்ளுவதைத் தவிர அதற்கு அவ்வளவாக வேலை வராது. பக்கத்து ஷாட்டுகளின் ஓரம் ஏற்கெனவே யோசித்து வெட்டப்பட்டதென்றால் அதைக் கெடுக்கவும் செய்யும்.

டாவின்ச்சி ரிசால்வில் நான்குக்கும் தனித்தனி எழுத்துத் தேடாதீர்கள். T அழுத்தி ட்ரிம் நிலைக்குப் போனால், சுட்டி நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கருவி மாறும். கிளிப்பின் ஓரத்தில் ரிப்பிள், இரண்டு கிளிப்பும் சேரும் கோட்டில் ரோல், கிளிப்பின் மேற்பாதியில் ஸ்லிப், கீழே பெயர் எழுதியிருக்கும் பட்டையில் ஸ்லைட். டைம்லைனில் தடங்களின் உயரம் குறைவாக இருந்தால் ஸ்லிப் என்று நினைத்து ஸ்லைடைப் பிடித்துவிடுவது சுலபம், ஆகவே தடத்தை உயர்த்திவிட்டு, சுட்டியின் வடிவத்தைப் பார்த்து இழுங்கள்.