தூளை அனுப்புவதா, பெயரைக் கொடுப்பதா?

களுவாஞ்சிக்குடியில் வறுத்த மிளகாய்த்தூள் அரைக்கும் சிறு ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். லண்டன் கடைக்காரர் ஒருவர் 500 கிலோ கேட்கிறார். கிலோவுக்குச் செலவு 1,400 ரூபா, இலாபம் 400.

ஏற்றுமதி செய்தால் மிளகாய் தெரிவு, வறுப்பு, பொதி எல்லாம் உங்கள் கையில். இலாபம் 2 இலட்சம். ஆனால் மிளகாய் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. அங்கே சோதனையில் வரம்பைத் தாண்டினால் சரக்கு நிராகரிக்கப்படும். நட்டம் உங்கள் தலையில் விழுந்தால் 7 இலட்சமும் கப்பல் கூலியும் போய்விடும். ஈடுகட்ட இன்னும் நான்கு நல்ல அனுப்பல்கள் வேண்டும். ஏற்றுமுன் ஆய்வுகூடச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

உங்கள் பெயரையும் செய்முறையையும் பயன்படுத்த கடைக்காரருக்கு உரிமம் கொடுத்தால் அவரே அங்கே அரைத்து உங்கள் பெயரில் விற்பார். 2,500 ரூபா விற்பனையில் 5 வீதம் என்றால் கிலோவுக்கு 125தான், ஆனால் உங்கள் முதல் முடங்காது. பயம் வேறு இடத்தில்: மட்டமான மிளகாய் போட்டாலும் கெடுவது உங்கள் பெயர். செய்முறை பழகியதும் அவர் தனியாகப் பிரியலாம். இலங்கையில் பதிந்த வியாபாரக் குறி பிரித்தானியாவில் செல்லாது. அங்கே உங்கள் பெயரிலேயே பதிய வேண்டும்.

பெயரோடு தொழில் நடத்தும் முறை முழுவதையும் கொடுக்கும் பிரான்சைஸிலும், இருவரும் சேர்ந்து முதல் போடும் கூட்டு முயற்சியிலும் உங்கள் கட்டுப்பாடு கூடும், ஆனால் மேற்பார்வைக்கும் முதலுக்கும் இந்த அளவு ஆலை தாங்காது. நான் முதலில் 100 கிலோ ஏற்றுமதியைத்தான் சொல்வேன், பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு.