கைபேசி உறையையும் திரைக் கண்ணாடியையும் ஏன் ஒன்றாகவே தெரிவுசெய்ய வேண்டும்

சென்ற அறுவடைக் காலத்தில், பரந்தனுக்கு அண்மையிலுள்ள வயலொன்றில் நெல் மூடையைத் தூக்கக் குனிந்த என் தம்பியின் சட்டைப் பையிலிருந்து கைபேசி நழுவிக் கிரவல் பாதையில் விழுந்தது. அதற்குக் கடினமான பிளாஸ்ரிக் உறையும் ரெம்பர் கிளாஸும் போட்டிருந்தான். உறையில் ஒரு சிறு தழும்பு மட்டுமே இருந்தது, கண்ணாடியும் உடையவில்லை. ஆனால் அதன் கீழிருந்த உண்மையான திரை, வலப்பக்க மேல்மூலையிலிருந்து குறுக்காக வெடித்திருந்தது.

விழும் பொருள் எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்பதில்தான் இதற்கான காரணம் இருக்கிறது. 1 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கைபேசி 1 மில்லிமீற்றருக்குள் நின்றுவிட்டால், அதன் எடையைப் போல ஏறத்தாழ 1000 மடங்கு விசை சராசரியாக அதன்மீது தாக்கும். 180 கிராம் கைபேசிக்கு அது 180 கிலோ பாரத்துக்குச் சமம். அதே கைபேசியை 3 மில்லிமீற்றர் அமுங்கி நிறுத்தும் உறை, அந்தப் பாரத்தை 60 கிலோவாகக் குறைத்துவிடும். கைபேசி பெரும்பாலும் மூலை குத்தியே விழுவதால், இந்த முழுப் பாரத்தையும் நகத்தளவு இடம் தாங்க வேண்டியிருக்கிறது.

பொலிகாபனேற் எனப்படும் கடினப் பிளாஸ்ரிக் அமுங்குவதில்லை. அது கீறலைத் தடுக்கும், மெல்லியதாகவும் இருக்கும்; ஆனால் அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்திவிடும். கடைகளில் பலர் ‘சிலிக்கன் கவர்’ என்று கேட்டு வாங்கும் வளையக்கூடிய உறை பெரும்பாலும் ரீ.பீ.யூ. என்ற பொருளால் ஆனது. அது அமுங்கி மீள்வதால், குறிப்பாக நான்கு மூலைகளிலும் காற்றுப்பை விட்டுச் செய்யப்பட்டதாயின், விழுதலுக்கு அதுவே மேல். ஒளி ஊடுருவும் ரீ.பீ.யூ. உறை வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகிவிடும் என்பதால், எங்கள் வெயிலுக்குக் கறுப்பு நிறத்தையே நான் தெரிவுசெய்வேன். உண்மையான சிலிக்கன் இறப்பரும் அதிர்ச்சியை நன்றாகவே உள்வாங்கும். ஆயினும் பையிலுள்ள நூலையும் செம்மண் தூசியையும் ஒட்டிக்கொள்வதால், வயலுக்குப் போகிறவர்களுக்கு அது ஏற்றதல்ல.

பெட்டியில் ‘MIL-STD-810’ என்று அமெரிக்க இராணுவத்தின் சோதனை நியமத்தை அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அந்த நியமத்தின் 810G பதிப்பில் பரவலாகப் பயன்படும் சோதனை, 122 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 26 தடவை, கொங்கிறீட்டின் மீது வைத்த ஒட்டுப்பலகையில் போடுவதாகும். அந்த 26 விழுதல்களை ஐந்து மாதிரிகளுக்குள் பகிர்ந்துகொள்ளவும் இடமுண்டு. பலகை வேறு, கிரவல் வேறு.

இனி உறையின் விளிம்பு. அது திரையைவிட உயர்ந்து நின்றால்தான் குப்புற விழும்போது திரை நிலத்தில் படாது. 1 மில்லிமீற்றர் உயர்ந்த விளிம்புள்ள உறைக்குள், வழக்கமான 0.33 மில்லிமீற்றர் கண்ணாடியை ஒட்டினால் மிஞ்சுவது 0.67 மட்டுமே. வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர் என்பதால், கண்ணாடி ஒட்டிய திரையில் அட்டையைக் கிடத்தி விளிம்போடு சேர்த்து வைத்து, அட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் விளிம்பில் தடைப்பட்டால் உயரம் போதும். வழுக்கிக் கீழே இறங்கினால் போதாது. இந்த விளிம்பு சீமெந்துத் தரையில்தான் முழுமையாக உதவும். கிரவலில் துருத்தி நிற்கும் கல் விளிம்பைத் தாண்டித் திரையைத் தொடும் என்பதால், அங்கே கண்ணாடி வேண்டும்.

கண்ணாடி திரையின் ஓரம்வரை முழுதாக மூடியிருந்தால் இறுக்கமான உறை அதன் ஓரத்தை நெம்பித் தூக்கும். உறையைப் போட்டவுடன் ஓரத்தில் வெண்கோடு தெரிவதே அதற்கு அடையாளம். ஓரத்தில் சிறிது இடம் விட்டு நிற்கும் கண்ணாடியே ரீ.பீ.யூ. உறைக்குப் பொருந்தும். ‘9H’ என்பது பென்சில் கொண்டு அளக்கும் கடினத்தன்மை. மணலிலுள்ள படிகக்கல் அந்தக் கண்ணாடியையும் கீறும்.

தொடுகைக்கு, தடிப்பைவிட இடையில் நிற்கும் காற்றே பெரிய தடை. திரை விரலின் மின்விளைவை உணர்கிறது. கண்ணாடி அதை ஓரளவு நன்றாகக் கடத்தும், காற்று மிகவும் குறைவாகவே கடத்தும். ஓரத்தில் மட்டும் பசையுள்ள மலிவான கண்ணாடியின் நடுவில் காற்று நிற்பதால், தடிப்புக் குறைந்ததாயினும் தொடுகை தவறும். திரைக்கடியில் மீயொலியால் விரலடையாளம் பார்க்கும் கைபேசிகளும் அந்தக் காற்றிடைவெளியில் தடுமாறும். அவற்றுக்கும் வளைந்த திரைகளுக்கும் மெல்லிய ரீ.பீ.யூ. படலமே எளிதாகப் பொருந்தும். அது கல் குத்தினால் காக்காது என்பதை ஏற்றுக்கொண்டே ஒட்ட வேண்டும்.

தம்பியின் கைபேசி தட்டையான திரையுள்ளது. திரையை மாற்றிய பின், மூலையில் காற்றுப்பையுள்ள கறுப்பு ரீ.பீ.யூ. உறையும், முழுப்பரப்பிலும் பசையுள்ள 0.33 மில்லிமீற்றர் கண்ணாடியும் போட்டோம். கடையை விட்டு வெளியேறுமுன் ஒரு செயலிப் படத்தை அழுத்திப் பிடித்து, திரை முழுவதும் மெதுவாகக் கோடுகோடாக இழுத்துப் பார்த்தோம். தொடுகை தவறும் இடத்தில் அந்தப் படம் கைநழுவி நின்றுவிடும். அவனுடையது ஓரிடத்திலும் நிற்கவில்லை.