துந்துபி வருடமும் பன்னிரண்டடிக் கோலும்

லண்டனிலிருந்து பினாங்குக்கு வந்த மூன்று வார விடுப்பில் நான்கு நாள்களைத் தாத்தாவின் ஒரு கிரயப் பத்திரம் விழுங்கிவிட்டது. தஞ்சாவூர் ஜில்லா நஞ்சை நிலம். அங்கே பாகப்பிரிவினை நடப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டிருந்தார்கள்.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாளே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். லண்டனில் இதற்கு எத்தனை வாரம் காத்திருந்திருப்பேன்! ஆனால் வீட்டில் பிரித்துப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. தேதி 1922 ஜனவரி 12 என்றும், பரப்பு நாலரை ஏக்கர் என்றும் இருந்தது. பத்திரத்தில் இருப்பதோ "துந்துபி௵ தை௴ ௰௨௳ வியாழக்கிழமை"; நிலம் 3 மா 40 குழி.

அத்தை என்னைப் பட்டர்வொர்த்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முதலில் எழுத்தைப் பார்க்கவில்லை, முத்திரைத்தாளைப் பார்த்தார். "ஐந்தாம் ஜார்ஜ் தலை இருக்கிறது, அம்மா. அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. துந்துபி அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அந்த ஆட்சிக்குள் வந்தது ஒன்றே ஒன்று, 1922 சித்திரையில் தொடங்கியது." தை வரும்போது ஆங்கில ஆண்டு மாறியிருக்கும், ஆகவே 1923. அப்போது தை முதல் நாள் ஜனவரி 13 அல்லது 14. அப்படியானால் 12ஆம் தேதி ஜனவரி 24 அல்லது 25. கைப்பேசியில் பழைய நாள்காட்டியைத் தேடினேன். 24 புதன், 25 வியாழன். கிழமை முடிவு சொல்லிவிட்டது. கடைக்காரர் அந்தக் கிழமையை மொழிபெயர்க்காமலே விட்டிருந்தார்!

பரப்பில் நடந்தது இன்னும் மோசம். செங்கல்பட்டுப் பக்கம் 24 அடிக் கோலால் அளப்பார்கள். ஒரு குழி 576 சதுர அடி. தஞ்சாவூரில் கோல் 12 அடி, குழி 144 சதுர அடிதான். எங்கள் பத்திரத்திலேயே "பன்னிரண்டடிக் கோலால்" என்று எழுதியிருக்கிறது. நூறு குழி ஒரு மா. ஆக மொத்தம் 340 குழி, 48,960 சதுர அடி, ஏறக்குறைய 1 ஏக்கர் 12 சென்ட். கடைக்காரர் எங்கோ கிடைத்த 576ஐப் போட்டு நிலத்தை நான்கு மடங்காக்கிவிட்டார். அந்தக் காகிதத்தோடு போயிருந்தால் பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கோல் எழுதப்படாத பத்திரமானால் என்ன செய்வது என்று கேட்டேன். "மா, குழி என்று இருக்கிறபடியே எழுதிவிடுங்கள். ஊர்ப் பட்டாவில் இருக்கும் ஹெக்டேர் அளவை வரவழைத்துத் தனியாகக் காட்டுங்கள். நீங்களாக மாற்றக் கூடாது" என்றார் ஆசிரியர்.

கடையில் திருத்தித் தர மறுபடியும் பணம் கேட்டார்கள். வாக்குவாதம் செய்தேன், கடைசியில் கொடுத்தேன். இம்முறை மூலத்தில் உள்ள தேதியும் அளவும் அப்படியே, கணக்கு அடிக்குறிப்பில்.

படகில் திரும்பும்போது அத்தை கேட்டார்: "நம் பினாங்கு நில அளவில் எத்தனை ரெலோங்?"

"ஒன்றரைக்குச் சற்று மேல், அத்தை."

கரை வரும்வரை அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை நம்பியா அத்தனை பேர் சாப்பிட்டார்கள்?" என்றார்.