மருந்தளவைச் சரிபார்க்க: அலகுச் சங்கிலியா, பின்னோக்கிக் கணக்கா?

டர்பனில் செவிலியர் படிப்பில் இருக்கும் எங்களுக்கு மருந்தளவுக் கணக்கின் முதல் வழி பழக்கமானதுதான். வேண்டிய மில்லிகிராமைக் குப்பியில் உள்ள மில்லிகிராமால் வகுத்து, அது கரைந்திருக்கும் மில்லிலிட்டரால் பெருக்குவோம். அதில் தகராறு இல்லை. வந்த விடையை எந்த இரண்டாவது வழியில் சரிபார்ப்பது என்பதில்தான் எங்கள் வகுப்பு பிரிந்து நிற்கிறது. நான் பின்னோக்கிக் கணக்கின் பக்கம். அதனால் இந்த அலசலில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம். வகுப்புப் பயிற்சி ஒன்று: குழந்தையின் எடை 6.4 கிலோ. ஜென்டாமைசின், கிலோவுக்கு 5 மி.கி., நாளுக்கு ஒரே வேளை. குழந்தைகளுக்கான ஆம்பூலில் 2 மி.லி.க்கு 20 மி.கி. இருக்கிறது. 6.4 × 5 = 32 மி.கி. வேண்டும். 32 ÷ 20 × 2 = 3.2 மி.லி. ஊசியில் ஏற்ற வேண்டும். ஓர் ஆம்பூல் போதாது, இரண்டை உடைக்க வேண்டும்.

இதை விகித முறையில் சரிபார்க்கிறேன் என்பவர்களை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். 20-க்கு 2 என்றால் 32-க்கு எவ்வளவு என்று கேட்பது அதே வகுத்தல், அதே பெருக்கல். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த அதே ஆள். முதல் வழியில் எண்ணைத் தவறாகப் படித்திருந்தால், இதிலும் அதே தவறான எண்தான் உட்காரும்.

அலகுச் சங்கிலி அப்படியல்ல, அதற்கு உண்மையான பலம் உண்டு. எல்லாவற்றையும் அலகோடு ஒரே வரியில் எழுதுகிறோம்:

6.4 கி.கி. × (5 மி.கி. / 1 கி.கி.) × (2 மி.லி. / 20 மி.கி.) = 3.2 மி.லி.

மேலேயும் கீழேயும் உள்ள கி.கி. அடிபடுகிறது, மி.கி. அடிபடுகிறது, மி.லி. மட்டும் மிஞ்சுகிறது. ஆம்பூலின் பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டால் மி.கி. அடிபடாமல் மேலே நிற்கும். ஆம்பூலின் 2 மி.லி.யை மறந்து 32-ஐ 20-ஆல் வகுத்ததோடு நிறுத்திவிட்டால் 1.6 என்ற அலகில்லாத எண் வரும். இரண்டும் உடனே கண்ணில் படும். ஆனால் ஒருவர் ஆம்பூலை 1 மி.லி.க்கு 20 மி.கி. என்று படித்துவிட்டார் என்று வையுங்கள். அலகுகள் அழகாக அடிபடும், 1.6 மி.லி. என்ற விடை வரும், சங்கிலி வாய் திறக்காது. எண்கள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று சங்கிலி பார்க்கும். அந்த எண்கள் உண்மையா என்று பார்க்க அதற்கு வழியில்லை.

பின்னோக்கிக் கணக்கு தொடங்கும் இடமே வேறு. உத்தரவுத் தாளை விட்டுவிட்டு, கையில் இருப்பதிலிருந்து தொடங்குகிறோம். ஊசியின் உருளையில் பிஸ்டன் நிற்கும் கோட்டைப் படிக்கிறோம், 5 மி.லி. ஊசியில் ஒரு சின்னக் கோடு 0.2 மி.லி. என்பதால் 3.2 சரியாக ஒரு கோட்டின் மேல் விழும். பிறகு உடைத்த ஆம்பூலைத் திருப்பி லேபிளை மறுபடி படிக்கிறோம்: 2 மி.லி.க்கு 20, அதாவது 1 மி.லி.க்கு 10 மி.கி. 3.2 × 10 = 32 மி.கி. அதை 6.4 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 5 மி.கி. உத்தரவும் 5. பொருந்துகிறது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது அந்த ஆம்பூலைத் திருப்பிப் படிக்கும் நொடிதான். ஜென்டாமைசின் 2 மி.லி.க்கு 80 மி.கி. என்றும் வருகிறது. இரண்டிலும் அதே 2 மி.லி., பெயரும் அதேதான். தாளில் 20 என்று எழுதிக் கணக்குப் போட்டுவிட்டு, தட்டிலிருந்து 80 உள்ள ஆம்பூலை எடுத்தால் என்ன ஆகும்? 3.2 மி.லி.க்கு அதிலும் இரண்டு ஆம்பூல் உடைக்க வேண்டும் என்பதால் எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்காது. சங்கிலியை எத்தனை முறை எழுதினாலும் 3.2 சரி என்றே சொல்லும், ஏனென்றால் அது தாளில் உள்ள எண்ணைத்தான் பார்க்கிறது. பின்னோக்கிப் போனால், லேபிளில் 1 மி.லி.க்கு 40. 3.2 × 40 = 128 மி.கி. 128 ÷ 6.4 = 20. கிலோவுக்கு 5 கேட்ட இடத்தில் 20, நான்கு மடங்கு. சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்தில் நான்கு மடங்கு.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. விடை 5 வர வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பதால், லேபிளைப் பார்க்காமல் பழைய தாளிலிருந்தே 10-ஐ எடுத்துப் போட்டு 5 வரவழைத்துவிடலாம். அப்படிச் செய்தால் அது சரிபார்ப்பே இல்லை. எங்கள் வார்டில் மூத்த மாணவி ஒருவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். உத்தரவுத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊசி, ஆம்பூல், குழந்தையின் எடை மூன்றை மட்டும் நம்மிடம் நீட்டுவார். “கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் போகிறது, நீயே சொல்லம்மா” என்பார். நாம் சொன்ன பிறகுதான் தாள் திரும்பும். 3.2 என்ற விடையைக் காட்டிவிட்டு “சரிதானே?” என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர் தலையாட்டத்தான் செய்வார்.

இரண்டு வழியும் தோற்கும் இடம் எடை. தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் காற்புள்ளி போட்டே பள்ளியில் பழகுகிறோம்: 6,4. கையெழுத்தில் அது மங்கினால் 64. அப்போது 320 மி.கி., 32 மி.லி. என்று வரும். பின்னோக்கிப் போனாலும் அதே 64-ஆல் வகுத்தால் விடை 5 தான். இங்கே காப்பாற்றுவது கணக்கல்ல. ஒரு கைக்குழந்தைக்குப் பதினாறு ஆம்பூலா என்று கேட்கும் பொது அறிவு. இதைவிட நைசாக நுழைவது பழைய எடை. தாய் கொண்டுவரும் ‘ரோடு டு ஹெல்த்’ புத்தகத்தில் கடைசியாக எழுதிய எடைக்குப் பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். கைக்குழந்தை சில வாரங்களிலேயே மாறிவிடும். தராசில் மறுபடி வைப்பதுதான் வழி.

இன்னொரு இடத்தில் நான் கட்சி மாறுகிறேன். ‘ஒரு நாளைக்குக் கிலோவுக்கு இவ்வளவு, மூன்று வேளையாகப் பிரித்து’ என்று உத்தரவு இருந்தால் பின்னோக்கிக் கணக்கு ஏமாற்றும். மூன்றால் வகுக்க மறந்து முழு நாள் மருந்தையும் ஒரே ஊசியில் ஏற்றியிருந்தாலும், கிலோவுக்கான எண் உத்தரவோடு அப்படியே பொருந்தி நிற்கும். சங்கிலியிலோ ‘மி.லி. / நாள்’ என்று நாள் அடிபடாமல் மிஞ்சி, வேளை எங்கே என்று கேட்கும். பம்பில் நிமிடத்துக்கு மைக்ரோகிராம் கணக்கில் ஓடும் மருந்துகளில் 60-ம் 1000-மும் நுழைவதால் சங்கிலி இன்னும் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே வேலை செய்பவர்கள் சொல்வதற்கே எடை அதிகம். பிரித்துக் கொடுக்கும் மருந்துக்கு இப்போது முதலில் சங்கிலியை எழுதி, ஊசியில் ஏற்றிய பிறகு பின்னோக்கிப் போய், வரும் எண்ணை வேளைகளால் பெருக்கி நாள் உத்தரவோடு ஒப்பிடுகிறேன்.