கவனமா, கேட்பவரா?

மேலாளரிடம் "வர்றேங்க சார்", நண்பனிடம் "வர்றேன்டா", குழந்தையிடம் "மம்மு சாப்பிடலாமா?" ஒரே வாய் ஏன் இப்படி மாறுகிறது? மொழியியலில் இதற்கு இரண்டு விளக்கங்கள் பேர்போனவை.

1960களில் நியூயார்க்கில் ஆய்வு செய்த வில்லியம் லபோவ், காரணம் நம் பேச்சின் மேல் நாம் வைக்கும் கவனம் என்றார். பேட்டியில் 'ர்' ஒலியைப் பார்த்து உச்சரித்தவர்கள், செத்துப் பிழைத்த கதையைச் சொல்லத் தொடங்கினால் அதை அதிகம் விழுங்கினார்கள்.

ஆலன் பெல் 1984இல் கேட்பவரைக் காரணம் காட்டினார். நியூசிலாந்தில் ஒரே வாசிப்பாளர்கள் ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு வானொலிகளுக்குச் செய்தி வாசித்தார்கள். better என்ற ஆங்கிலச் சொல்லைத் தேசிய நிலையத்தில் பெரும்பாலும் 'பெட்டர்' என்றவர்கள், உள்ளூர் நிலையத்தில் 'பெடர்' என்பதை அதிகம் சொன்னார்கள். ஆளும் வேலையும் அதேதான், மாறியது நேயர்கள்.

எனக்குப் பெல் பக்கம்தான் சாய்வு. கவனம் கூடினால் பேச்சு திருந்தும் என்றால், குழந்தையிடம் அத்தனை நிதானமாகப் பேசும்போது 'சோறு' ஏன் 'மம்மு' ஆகிறது? ஆனால் பேட்டியில் பேசிக்கொண்டிருக்கும் அதே ஆளிடம் சொற்பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் உச்சரிப்பு சட்டென்று திருந்துகிறது. எதிரே இருப்பவர் மாறவில்லையே. அங்கே லபோவ்தான் பொருந்துகிறார்.