கடைசி நேரத்தில் அப்பொயின்மென்டை ரத்துச் செய்வது: போனா, மின்னஞ்சலா, பில் வந்த பிறகா?

ரொறன்ரோப் பக்கம் பல் கிளினிக், பிசியோதெரபி, குடும்ப டொக்டர் என்று எங்கே போனாலும் முதல் நாள் கையெழுத்து வாங்கும் தாளில் ஒரு வரி இருக்கும்: இத்தனை மணி நேரத்துக்கு முன் அறிவிக்காமல் ரத்துச் செய்தால் கட்டணம். அந்த எல்லை தாண்டிய பிறகு வர முடியாமல் போனால் மூன்று வழிகள் உண்டு. போன் எடுத்துச் சொல்லி, அதே அழைப்பில் கட்டணத்தை விடச் சொல்லிக் கேட்கலாம். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பிக் கேட்கலாம். பேசாமல் இருந்துவிட்டு, பில் வந்த பிறகு வாதாடலாம். நான் போன் பக்கம். அண்மையில் எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம்.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடுகிறேன். வராமலே இருப்பதும் தாமதமாக ரத்துச் செய்வதும் கிளினிக்கின் கணினியில் பொதுவாக வெவ்வேறு பதிவுகள். வராமல் இருந்தவருக்குக் கட்டணம் கூடவாக இருக்கும் இடங்களும் உண்டு. அது இரண்டு மூன்று தடவை சேர்ந்தால் அடுத்த அப்பொயின்மென்டுக்கே முற்பணம் கேட்பார்கள். பில் கையில் வந்த பிறகு கேட்டால், இன்னும் போடாத கட்டணத்தைப் போடாமல் விடச் சொல்வதாக இருக்காது. போட்டதை அழிக்கச் சொல்வதாகிவிடும். அதற்கு வரவேற்பில் இருப்பவருக்கு அதிகாரம் இருக்காது, மேலாளரிடம் போக வேண்டும். கடன் அட்டை எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் பிசியோ இடங்களில் காசு ஏற்கெனவே எடுபட்டிருக்கும்.

மிஞ்சுவது போனும் எழுத்தும். எழுத்தின் நன்மை தெரிந்ததுதான்: நேரம் பதிவாகும், பிறகு காட்டலாம், கூச்சம் இல்லை. ஆனால் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம் என்பது என் எண்ணம். நீங்கள் விட்ட நேரத்துக்கு இன்னொருவர் வருவாரா?

கட்டணம் எதற்கு என்று யோசித்தால் இது விளங்கும். பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நாற்காலி காலியாக இருந்தாலும் அநேகமான இடங்களில் அவருக்கு மணிக்கணக்கில் சம்பளம் போகும். செய்யாத சிகிச்சைக்குக் காப்புறுதி நிறுவனத்திடம் கிளினிக் எதுவும் கேட்க முடியாது. ரத்துக் கட்டணத்தையும் காப்புறுதி ஏற்காது, அதனால்தான் அது நேரே உங்கள் பையிலிருந்து போகிறது. ஆனால் அந்த ஒன்பது மணிக்கு வேறு ஒருவர் வந்து இருந்துவிட்டால் கிளினிக்குக்கு நட்டம் என்று ஒன்றும் இல்லை. உங்கள் கட்டணத்தை விடுவது அவர்களுக்கு அப்போது சுலபம்.

வேறு ஆள் வருவதற்கு, நேரம் காலியான செய்தி உடனே யாராவது ஒருவர் காதில் விழ வேண்டும். அநேகமான கிளினிக்குகளில் குறுகிய நேரத்தில் கூப்பிட்டால் வரத் தயார் என்று சொன்னவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். போன் எடுத்தால், நீங்கள் வைத்த கையோடு அந்தப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடத் தொடங்கலாம். மின்னஞ்சலை வரவேற்பில் இருப்பவர் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது. காலையில் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது யார் மின்னஞ்சல் பார்ப்பது? நீங்கள் எட்டு மணிக்கு அனுப்பியது பத்து மணிக்குத் திறக்கப்பட்டால், உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கும், அவர்களிடம் காலியான நாற்காலி இருக்கும்.

நினைவூட்டும் குறுஞ்செய்திக்குப் பதில் போடுவது இன்னும் மோசம். சில கிளினிக்குகளின் செய்தியில் "Reply C to confirm" என்று வரும். அவசரத்தில் C என்றால் ரத்து என்று நினைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கணினி அதை 'வருகிறேன்' என்று பதிந்துவிடும். நீளமாக எழுதி அனுப்பினாலும் மறுமுனையில் படிக்க ஆள் இல்லாத எண்ணாக அது இருக்கலாம். இணையத்தில் புக் பண்ணும் இடங்களிலும் எல்லைக்குள் வந்ததும் ரத்துப் பொத்தான் வேலை செய்யாமல், அலுவலகத்தைக் கூப்பிடச் சொல்வது வழக்கம்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்குப் பல் சுத்தம். கிளினிக்கின் விதி இரண்டு வேலை நாள். ஞாயிறு மாலை மகனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, மனைவிக்குக் காலை வேலை, நான்தான் வீட்டில் நிற்க வேண்டும். வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. அதனால் எல்லை முடிந்தது சனிக்கிழமையல்ல, வியாழன் காலை ஒன்பது மணிக்கு. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தாலும் பிந்தியதாகத்தான் கணக்கு. திங்கட்கிழமை அப்பொயின்மென்ட் எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஞாயிறு கிளினிக் பூட்டு. அதனால் அன்று இரவே வொயிஸ்மெயிலில் பெயர், நேரம், வர முடியாது என்பதை மட்டும் சொன்னேன். அதையே இரண்டு வரியில் மின்னஞ்சலாகவும் போட்டேன். கட்டணம் பற்றி இரண்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரத்திடம் கேட்டு என்ன பயன்? காலை எட்டுக்குத் திறந்ததும் கூப்பிட்டேன். வரவேற்பில் இருந்தவர் எங்கள் ஆள்.

"தங்கச்சி, இண்டைக்கு ஒன்பது மணிக்கு எனக்குக் கிளீனிங். மகனுக்குக் காய்ச்சல், வர ஏலாது. முதல்ல இந்த நேரத்தை வேற ஆருக்கும் குடுங்கோ."

"சரி அண்ணா. ஆனா இது ரெண்டு நாளுக்குள்ள வருது. ஐம்பது டொலர் சார்ஜ் இருக்கு, தெரியும்தானே?"

"தெரியும். ஒன்பது மணிக்கு ஆரும் வந்தா, அந்தச் சார்ஜை விட ஏலுமோ எண்டு கேக்கிறன். ஒருத்தரும் வராட்டி நான் கட்டுறன். எனக்கு இந்த மாசத்துக்குள்ள எந்த நாள் எண்டாலும் சரி, ஆரும் கடைசி நேரத்தில விட்டா என்னையும் கூப்பிடலாம்."

"நான் மனேஜரைக் கேட்டுத்தான் சொல்லோணும்."

"கேட்டுச் சொல்லுங்கோ. நன்றி."

அவ்வளவுதான். கிளினிக்குக்குக் கிட்ட இருக்கும் ஒருவர் பட்டியலிலிருந்து வந்துவிட்டார், எனக்குக் கட்டணம் போடவில்லை.

இதில் ஒழுங்கு முக்கியம். முதலில் நேரத்தை விட்டுக் கொடுப்பது, பிறகு கட்டணத்தைக் கேட்பது. கட்டணத்தில் தொடங்கினால் பேச்சு அதிலேயே நிற்கும், கடிகாரம் ஓடும். காரணத்துக்கு ஒரு வசனம் போதும். காய்ச்சல் எத்தனை பாகை, எத்தனை தடவை சத்தி என்று விரித்தால் கேட்பவருக்குச் சந்தேகம்தான் வரும். அப்புறம் அந்த நிபந்தனை. 'ஆள் வந்தால் விடுங்கள், வராவிட்டால் கட்டுகிறேன்' என்று கேட்கும்போது அவர் உங்களுக்குச் சலுகை தர வேண்டியதில்லை. நட்டம் இல்லையென்றால் கட்டணமும் இல்லை என்று மேலாளரிடம் அவர் சுலபமாகச் சொல்லலாம். "நான் பத்து வருசமா வாறன்" என்பதை மேலாளருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருப்பவருக்கு அது ஒரு உதவியும் செய்யாது.

எழுத்தை நான் தள்ளிவிடவில்லை, அது இரண்டாவது வேலை. போன் வைத்ததும் ஒரு சின்ன மின்னஞ்சல்: "இன்று காலை 8:05க்கு உங்களுடன் பேசியபடி என் 9 மணி அப்பொயின்மென்டை ரத்துச் செய்தேன். அந்த நேரத்துக்கு வேறு ஒருவர் வந்தால் கட்டணத்தை விட முடியுமா என்று மேலாளரிடம் கேட்பதாகச் சொன்னீர்கள். நன்றி." ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே ஒழுங்குதான். பேசியவர் அடுத்த நாள் லீவில் போனாலும் இது கோப்பில் கிடக்கும்.

குடும்ப டொக்டர் என்றால் கணக்குக் கொஞ்சம் மாறும். ஒன்ராறியோவில் மருத்துவர்களுக்கான ஒழுங்குவிதி 856/93இன்படி, செய்யாத சேவைக்குக் காசு கேட்பது தொழில்முறைத் தவறு. அப்பொயின்மென்டுக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரத்துச் செய்ததற்குக் கட்டணம் கேட்பது அதற்கு விலக்கு. ஆகவே முப்பது மணி நேரத்துக்கு முன் சொல்லியும் பில் வந்தால், தள்ளுபடி கேட்காமல் இதைப் பணிவாகக் காட்டலாம். கட்டணம் உண்டு என்பது முன்பே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். நோயாளியால் கட்ட முடியுமா என்பதையும் டொக்டர் யோசிக்க வேண்டும் என்பது அவர்களின் கல்லூரி, அதாவது ஒழுங்குபடுத்தும் அமைப்பு, வைத்திருக்கும் எதிர்பார்ப்பு. வேலை இல்லாமல் இருக்கிறீர்கள் என்றால் வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. நேரில் பார்க்கத் தேவையில்லாத விஷயமென்றால், அதே நேரத்தைப் போன் அப்பொயின்மென்டாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்றினால் ரத்தே இல்லை. பல் கிளினிக்கும் பிசியோவும் வேறு கல்லூரிகளின் கீழ் வருபவை, இந்த 24 மணிக் கணக்கை அங்கே கொண்டுபோய் வாதாட வேண்டாம்.

போன் தோற்கும் இடம் உளவளத் துணையாளர்கள். அங்கே எனக்கு அனுபவம் குறைவு, நண்பர்கள் சொல்லித் தெரிந்ததுதான். பலர் தனியாக நடத்துகிறார்கள், வரவேற்பில் ஆள் இல்லை, இன்னொருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது போன் எடுக்கமாட்டார்கள். முழு அமர்வுக்கான காசையே எழுத்து ஒப்பந்தத்தில் கேட்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேறு ஆளைப் பிடிப்பதும் அங்கே நடக்காது. அதனால் என் நிபந்தனைப் பேச்சு அங்கே எடுபடாது. அதே வாரத்தில் வேறு நேரத்துக்கு மாற்றினால் கட்டணம் வேண்டாமா என்று எழுதிக் கேட்பதுதான் பொருந்தும். வீட்டிலிருந்தே காணொளியில் பேசலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும், 'பார்ப்போம்' என்ற பதிலோடு விட்டால் கட்டணம் அடுத்த வருகையில்தான் எட்டிப் பார்க்கும், அதுவும் உங்கள் பின்னால் நாலு பேர் நிற்கும்போது. புதிய அப்பொயின்மென்டை உறுதிசெய்யக் கூப்பிடும்போதே "என்ர கணக்கில ஏதும் நிக்குதோ?" என்று கேட்டுவிடுங்கள். நிற்கிறது என்றால் அந்த மின்னஞ்சலையே மேலாளருக்கு அனுப்பி, பதில் வரும் வரை கட்டாமல் பொறுத்திருங்கள். கட்டியதைத் திருப்பி வாங்குவது, கட்டாததை விடச் சொல்வதைவிட எப்போதும் நாள் எடுக்கும்.